இரண்டு பச்சை, ஒரு மஞ்சள்

என் பெயர் ஸ்வர்ணலதா. ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நெட் சென்டர் வைத்திருக்கிறேன். இரண்டே கம்ப்யூட்டர், இரண்டும் பழசு. உள்ளே நாணயம் மாதிரி ஒரு சின்ன பேட்டரி உண்டு. கரண்ட் போனாலும் தேதியை நினைவில் வைத்திருப்பது அதுதான். இது நடந்தபோது இரண்டிலும் அது செத்து ஒரு வருஷமாகியிருந்தது. ஒவ்வொரு முறை கரண்ட் வந்ததும் தேதி 2002 ஜனவரிக்கு ஓடிப்போகும். நான்தான் உட்கார்ந்து 2008-க்கு இழுத்துக்கொண்டு வருவேன். பேட்டரி வாங்கிப் போட எனக்கு என்ன கேடு என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அன்றைக்குப் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கரண்ட் கட். வந்ததும் பட்டுப்புடவை வியாபாரி ஒருவர் டிசைன் பிரிண்ட் கேட்டு அவசரப்படுத்தியதில் தேதியை மாற்ற மறந்துவிட்டேன்.

இரண்டரைக்கு மதிவதனி வந்தாள். படவேட்டுப் பெண், கூட அவள் அப்பா தருமன், கூலி வேலைக்குப் போகிறவர். நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, அழைப்புக் கடிதத்தை நெட்டிலிருந்து இறக்கித் தரவேண்டும் என்றாள். ஐந்து மணியோடு அந்தப் பக்கத்தை மூடிவிடுவார்கள். கடிதம் இல்லாமல் மறுநாள் காலை சென்னையில் சேர்க்கைக்கு உள்ளே விடமாட்டார்கள்.

முகவரியைத் தட்டினேன். பாதுகாப்பு எச்சரிக்கைப் பெட்டி எழும்பியது. அதில் மூன்று வரி. சைட் அசல்தான் என்று காட்டும் சான்றிதழைக் கொடுத்தவர் நம்பத்தக்கவர், பச்சை டிக். தேதி செல்லாது, மஞ்சள் முக்கோணம். சான்றிதழிலுள்ள பெயரும் சைட்டின் பெயரும் ஒன்றே, பச்சை டிக். கீழே, தொடரலாமா என்ற கேள்வி.

இப்போது வரிவரியாகச் சொல்கிறேன். அன்றைக்கு நான் பார்த்தது மஞ்சளை மட்டும்தான். காரணம் உண்டு. அதற்கு முந்தின மாசம் சிவகுமார் என்ற வியாபாரிக்கு மெயில் திறந்தபோது இதே பெட்டி வந்தது. அப்போது மஞ்சள் இருந்தது பெயர் வரியில். அதாவது அந்த சைட் வேறு யாருடையதோ. படிக்காமல் ‘ஆம்’ அமுக்கினேன், அவருடைய பாஸ்வேர்டு திருடு போயிற்று. கடை நடுவில் நின்று மனுஷன் கேட்ட கேள்வியில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இனி அந்தப் பெட்டி வந்தால் ‘ஆம்’ அமுக்குவதில்லை என்று அன்றே சபதம் செய்தேன்.

பெரிய சபதம்.

பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்தேன். அதே பெட்டி. இரண்டிலும் வந்தால் சைட்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். இரண்டுக்கும் ஒரே கரண்ட் கட்டில் தேதி போயிருக்கும் என்று புத்திக்கு எட்டவில்லை. வேறொரு பாதுகாப்பான சைட்டைத் திறந்து பார்த்திருந்தால் அதிலும் வந்திருக்கும். கோளாறு நம்மிடம் என்று அப்போதே தெரிந்திருக்கும்.

“வேணாம் மதி, இது டூப்ளிகேட் சைட்டா இருக்கும். உன் நம்பர் போட்டா எவனாவது எடுத்துக்குவான். போளூர்ல பெரிய சென்டர் இருக்குது, ஜல்தியா போ,” என்றேன்.

நல்ல வேளை சொன்னீங்கம்மா என்று தருமன் கும்பிட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நாலே முக்காலுக்கு சிவகுமார் வந்தார். பேங்க் சைட்டைத் திறக்கச் சொன்னார். காலையில் ஒழுங்காகத் திறந்த சைட். இப்போது அதே பெட்டி, அதே நடு வரியில் மஞ்சள். சான்றிதழைத் திறந்தேன். 2007-இல் தொடங்கி 2009 வரை செல்லும் என்றிருந்தது. மூலையிலிருந்த கடிகாரத்தில் அம்பை வைத்தேன். ஜனவரி 1, 2002. சான்றிதழ் பிறக்கவே இல்லாத காலத்தில் என் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது.

தேதியை மாற்றினேன். நர்சிங் சைட் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திறந்து மதியின் விண்ணப்ப எண்ணைக் கேட்டது. எண் எழுதிய சீட்டு அவள் கையில். அவர்களிடம் செல்போனும் கிடையாது. போளூர் சென்டருக்குப் போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. ஐந்தடிக்கும்வரை அடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு அந்தப் பக்கம் மூடிக்கொண்டது.

ஆறரைக்கு இருவரும் படவேடு பஸ் பிடிக்கத் திரும்பி வந்தார்கள். போளூரில் மூன்றிலிருந்து ஐந்து வரை கரண்ட் இல்லையாம், கடையைச் சாத்திவிட்டிருந்தார்களாம். தருமன் அப்போதும் என்னைக் குறை சொல்லவில்லை. நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க என்றார். பேசாமல் இருந்திருந்தால் அவர்களுக்குத் தெரிந்தே இருக்காது. இருக்க முடியவில்லை.

“சைட்டு நல்லாதான் இருந்துச்சு மதி. என் கம்ப்யூட்டர்லதான் தேதி தப்பு. நான் பாக்கல.”

அவள் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தாள். தருமனுக்குப் புரியவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார்.

“தேதிய மாத்த எவ்ளோ நேரம் ஆவும்க்கா?”

“ஒரு நிமிஷம்,” என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டினாள். வெளியே படவேடு பஸ் ஹாரன் அடித்தது. “என்னா சொல்றாங்க?” என்று கேட்ட அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணுமில்லப்பா, வா,” என்று கூட்டிக்கொண்டு போனாள்.