தொட்டி மூடி தெரிந்த படம்

பணத்தைத் திருப்பிக் கேட்டு எங்கள் சூரியநெல்லி விடுதிக்கு வரும் மின்னஞ்சல்களில் பாதி திட்டுதான். வரவேற்பில் உட்காரும் நான்தான் பதில் எழுத வேண்டும். கோபாலபுரம் யோகப்பிரியா எழுதியதில் ஒரு வசவுகூட இல்லை.

எங்கள் இணையதளத்தில் அவர் பதிவு செய்த அறையின் படத்தில், பால்கனிக்கு எதிரே முழுக்கத் தேயிலை மலை. கொடுத்த அறைக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். வந்தவுடனே சொன்னார், மாற்று அறை இல்லை என்றோம். இரண்டு நாளுக்குப் பணம் கட்டியவர் ஒரே நாளில் கிளம்பிவிட்டார். தங்காத நாளின் வாடகையை மட்டும் கேட்டு, மூன்று படங்களை இணைத்திருந்தார்.

“கேமரா கோணம்னு எழுதிப் போடு ஆனந்தி,” என்றார் முதலாளி முனீஸ்வரன்.

“படத்தைப் பாருங்க அண்ணாச்சி.”

முதல் படம் அந்தச் சுவர். இரண்டாவது எங்கள் விளம்பரப் படம். அதன் ஓரத்தில் தெரிந்த கறுப்பு வளைவை வட்டமிட்டிருந்தார். மூன்றாவது அவரே எங்கள் விடுதி மொட்டைமாடியில் ஏறி எடுத்தது. அதே மலை, அதே வளைவு: தண்ணீர்த்தொட்டியின் மூடி! மூன்று வருடமாகத் தினமும் அந்தப் படத்தைப் பார்க்கிறேன். என் கண்ணை நானே திட்டிக்கொண்டேன்.

விளம்பரப் படத்தை எடுத்த முதலாளி தலையைச் சொறிந்தார். “பணத்தக் குடுத்துரு. அந்தப் படத்தையும் தூக்கிரு. வேற என்ன எழுதியிருக்கு?”

கடைசி வரிகளை வாசித்தேன்.

“தொட்டி மூடி உடைந்திருந்தது. குரங்கு இறங்கிவிடாமல் பலகை போட்டு, மேலே கல் வைத்திருக்கிறேன். சீக்கிரம் மாற்றிவிடுங்கள்.”