வெள்ளிக்கிழமை திறந்திருந்த டன்னல்

ஸ்வேதாவைத் திருடி என்று பரந்தாமன் சொன்னது தனியாக அல்ல. திங்கட்கிழமை காலையில், ஷூ கம்பெனியின் கட்டிங் ஹால் நடுவில் நின்று, மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சொன்னார். "இத்தாலிக்காரன் டிசைனை இந்தப் பொண்ணுதான் வெளிய வித்திருக்கா. யாரும் இவகிட்ட பென்டிரைவ் குடுக்காதீங்க." அவர் டெவலப்மென்ட் மேனேஜர். இருபது வருஷ ஆள். அவர் சொன்னால் ஹாலில் மறுபேச்சுக் கிடையாது.

ஸ்வேதா அந்த ஆபீஸின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். ஜோலார்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் ஆம்பூருக்கு வந்துபோகிறாள். இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்கலாம். ஆனால் திருட்டுப் பட்டத்தோடு போனால் வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை ஒரு தோல் கம்பெனியும் உள்ளே விடாது. இந்த ஊர்களில் சரக்கு லாரியைவிட வதந்தி வேகமாகப் போகும்.

முதலாளி அப்துல் வஹாப் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹால் மொத்தமும் வேலை செய்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லும்மா. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்துல ஆபீஸ்ல யார் இருந்தது?"

"நான் இருந்தேன் சார். டிபன் பாக்ஸைத் திறந்துட்டிருந்தேன்."

"கேட்டீங்களா பாய்," என்றார் பரந்தாமன். "நீங்க எல்லாம் தொழுகைக்குப் போய்ட்டீங்க. நான் கேன்டீன்ல நாலு பேரோட உக்காந்திருந்தேன். அந்த நேரத்துலதான் ஃபைல் சர்வர்லேர்ந்து ஃபோல்டரே காணாமப் போயிருக்கு. சர்வர் லாக் இன்னா சொல்லுது? எடுத்தது இவ மேசைக்குக் கீழ இருக்கற பொட்டியோட அட்ரஸ்."

அது உண்மைதான். எரிச்சலான விஷயமே அதுதான். யார் எதைத் தொட்டார்கள் என்று சர்வரே எழுதிவைக்கும் அந்த லாக்கில், ஒவ்வொரு பேட்டர்ன் ஃபைலும் முதலில் படிக்கப்பட்டு, கடைசியில் மொத்தமும் அழிக்கப்பட்டிருந்தது. ஃபைல்களை அவள் பேக்கப்பிலிருந்து அன்றைக்கே மீட்டுவிட்டாள். ஆனால் வெளியே போன டிசைனை எந்த பேக்கப் திருப்பிக் கொண்டுவரும்?

"சார், மெர்சியும் புகழேந்தியும் வீட்லேர்ந்து பேட்டர்ன் போடறாங்க இல்ல? ஃபைல் சர்வரை நேரா இன்டர்நெட்ல திறந்து விட்டா எவன் வேணா உள்ள வருவான். அதனால வெளிய தெரியறது என் மேசைக்குக் கீழ இருக்கற அந்த ஒரு கம்ப்யூட்டர் பொட்டி மட்டும்தான். அவங்க லேப்டாப்லேர்ந்து அதுவரைக்கும் எஸ்எஸ்எச்ல ஒரு டன்னல், வெளியாள் எட்டிப் பாக்க முடியாத பூட்டின வழி. அவங்க லேப்டாப்லயே ஒரு போர்ட்டை, அந்த வழியோட வாசலைத் தொட்டா, அது டன்னல் வழியா வந்து, பொட்டிலேர்ந்து ஃபைல் சர்வருக்குப் போகும். சர்வருக்குக் கடைசியா வந்து கதவைத் தட்டறது அந்தப் பொட்டிதான். வீட்லேர்ந்து யார் வந்தாலும் லாக்ல அதோட அட்ரஸ்தான் விழும்."

"சர்வர்ல பேர் இருக்குமே?" என்றார் முதலாளி.

"ஆளுக்கு ஒரு லாகின் குடுக்கலாம்னு கேட்டேன். எல்லாருக்கும் 'டிசைன்'னு ஒண்ணே போதும், பேஜார் பண்ணாதன்னு பரந்தாமன் சார்தான் சொன்னாரு."

பரந்தாமன் சுவரைப் பார்த்தார்.

"ஆனா டன்னலுக்கு ஆளுக்கு ஒரு சாவி ஃபைல்," என்று அவள் லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள். "யார் சாவி, எந்த ஊர் லைன், எப்ப உள்ள வந்தது, எப்ப போச்சுன்னு பொட்டியோட லாக்ல இருக்கு. வெள்ளிக்கிழமை அந்த நேரத்துல மெர்சியும் இல்ல, புகழேந்தியும் இல்ல. ஒரே ஒரு டன்னல்தான் திறந்திருந்தது. பரந்தாமன் சார் சாவி. அவர் வீட்டு லைன்."

பரந்தாமன் சிரித்தார். கொஞ்சமும் பதறாத சிரிப்பு. "எனக்குச் சாவி பண்ணிக் குடுத்தது யாரு பாய்? இவதான். ஒரு காப்பி வெச்சிருக்க மாட்டாளா? இந்த லாகை எழுதறது யார் பொட்டி? இவ பொட்டி. அதுல இன்னா வேணா எழுதிக்கலாம். திருடினவளே சாட்சியும் சொல்றா."

அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. சாவியை அவரவர் லேப்டாப்பில் அவரவரே உண்டாக்கிக்கொள்வதுதான் முறை. அவருக்குப் பொறுமை இல்லை என்று இவள் பண்ணிக் கொடுத்தாள். பொட்டியும் முழுக்க இவள் கையில். முதலாளியின் முகம் மாறுவதை அவள் பார்த்தாள். அந்த முகத்தின்மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

"பழசை விடுங்க சார்," என்றாள். "இப்ப பாருங்க. அந்த டன்னல் இப்பவும் திறந்திருக்கு. அது வழியா யாரோ ஃபைல் சர்வர்ல இருக்காங்க. பரந்தாமன் சார் இங்க உக்காந்திருக்காரு. நானும் இங்கதான் இருக்கேன்."

"வீட்ல லேப்டாப் ஆன்ல இருக்கும். அதுக்கு இன்னா?"

"எடுத்துடு," என்றார் அப்துல் வஹாப். "அவர் சாவியை எடுத்துடு."

பொட்டியில் அனுமதித்த சாவிகள் இருக்கும் ஃபைலைத் திறந்து, பரந்தாமனின் வரியை அழித்துச் சேமித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பரந்தாமன் கடிகாரத்தைப் பார்த்தார், வேலை கெடுகிறது என்கிற மாதிரி.

"அவ்ளோதானா?" என்றார் முதலாளி.

"இல்ல சார். சாவியை எடுத்தா புதுசா உள்ள வர முடியாது. ஏற்கெனவே உள்ள இருக்கற டன்னல் அப்படியேதான் ஓடும். அதைத் தனியாக் கொல்லணும்." பரந்தாமன் பெயரில் ஓடிக்கொண்டிருந்த அந்த இணைப்பின் எண்ணை அடித்து, என்டரைத் தட்டினாள்.

முதலாளி ஒரு ஃபைலை எடுத்துப் புரட்டினார். இத்தோடு தன் கதை முடிந்தது என்றே ஸ்வேதா நினைத்தாள்.

பரந்தாமனின் போன் மேசைமேல் அதிர்ந்தது. திரையில் 'தனகோடி' என்று வந்தது. அவர் அதைக் கவிழ்த்து வைத்தார். நின்றது. உடனே மறுபடி அதிர்ந்தது.

"யார் தனகோடி?"

"மச்சான் பாய். வீட்டு விஷயம்."

"எடு. ஸ்பீக்கர்ல போடு."

"அப்புறம் பேசிக்கறேன் பாய்."

அப்துல் வஹாப் எட்டிப் போனின் பச்சைப் பட்டனைத் தானே இழுத்தார்.

"மாமா," என்றது போன். பின்னால் தையல் மெஷின்கள் ஓடின. "உங்க லேப்டாப் அட்ரஸ் போட்டா சர்வர் வர மாட்டேங்குது. இப்பதான் போச்சு. லோஃபர் பேட்டர்ன் பாதி காப்பி ஆகி நிக்குது. இந்த வாட்டி கட் பண்ணல மாமா, காப்பிதான் போட்டேன், சத்தியமா. வீட்டுக்குப் போன் பண்ணி அதைத் திரும்ப ஓட்டச் சொல்லுங்க."

முதலாளி அழைப்பைத் துண்டித்தார். ஸ்வேதாவுக்கு மீதி புரிந்தது. டன்னலின் வீட்டுப் பக்க முனை பரந்தாமனின் லேப்டாப்புக்குள் மட்டும் திறக்கும்படிதான் அவள் போட்டுக் கொடுத்திருந்தாள். அவர் அதைக் கட்டளையில் மாற்றி, வீட்டு வைஃபையில் இருக்கிற எல்லாருக்கும் திறந்துவிட்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னாலேயே மச்சானின் தையல் யூனிட். அந்த அரைகுறை மச்சான் காப்பிக்குப் பதில் கட் செய்து ஒட்டி, சர்வரில் இருந்ததை அழித்ததால்தான் எல்லாம் வெளியே வந்தது. சரியாகத் திருடியிருந்தால் ஆயுசுக்கும் தெரிந்திருக்காது.

"பாய்," என்று பரந்தாமன் ஆரம்பித்தார்.

"நீ வீட்டுக்குப் போ. அப்புறம் கூப்பிடறேன்." முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு ஸ்வேதா பக்கம் திரும்பினார். "இது இந்த ரூமோட இருக்கட்டும்மா. இத்தாலிக்காரன் காதுக்குப் போனா ஆர்டரே போய்டும். நீ வேலையைப் பாரு."

"என்னைத் திருடின்னு சொன்னது இந்த ரூம்ல இல்ல சார்."

"நான் பாத்துக்கறேன்னு சொல்றேன் இல்ல."

"அவரே ஹால்ல சொல்லட்டும். நான் எடுக்கலன்னு."

அப்துல் வஹாப் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஹாலைப் பார்த்தார். அவள் நகரவில்லை. பிறகு அவர் பரந்தாமனைப் பார்த்துக் கதவைக் கை காட்டினார். பரந்தாமன் எழுந்து போனார். கட்டிங் மெஷின்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த ஹாலின் வாசலில் நின்று, சட்டைக் காலரைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். பக்கத்து மேசைக்காரனுக்குக்கூடக் கேட்டிருக்காது.

ஸ்வேதா அவர் பின்னாலேயே வந்து நின்றாள்.

"மெஷினை நிறுத்தச் சொல்லுங்க சார்," என்றாள். "காலைல நிறுத்துனீங்க இல்ல."