முப்பத்திரண்டு ஷவர்

கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அந்த அலுவலகத்தில் குழாய் வேலைக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். தூண், உத்தரம் கணக்குப் போடுகிற ஆறு பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். மின்சாரத்துக்கு மூன்று பேர். அவளுடைய மேசை பிரிண்டருக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி இருந்தது. காகிதம் எடுக்க வருகிறவர்கள் "என்ன தண்ணி, சௌக்கியமா?" என்று கேட்பார்கள். அவள் பதிலைக் கோப்பதற்குள் காகிதத்தோடு போய்விடுவார்கள். தண்ணி என்பது அவர்கள் வைத்த பெயர். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பெயர் வைக்கிற அளவுக்காவது கவனித்திருக்கிறார்களே.

குழாய்க் கணக்கு அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு கட்டடத்தில் உள்ள எல்லாக் குழாய்களும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், யானைத் தும்பிக்கை பருமனில் பைப் போட வேண்டியிருக்கும். அப்படித் திறப்பதில்லை என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை வைத்திருக்கிறார்கள். வாஷ்பேசினுக்கு ஒன்று, ஷவருக்கு இரண்டு, டாய்லெட் தொட்டிக்கு மூன்று. ஃபிக்ஸ்சர் யூனிட் என்று பெயர். அது லிட்டர் அல்ல. எவ்வளவு வேகமாக இழுக்கும், எவ்வளவு நேரம் இழுக்கும், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை இழுக்கும் என்ற மூன்றையும் சேர்த்துப் போட்ட எடை. எல்லா மாடிகளின் யூனிட்டையும் கூட்டிவிட்டு, இதற்கென்றே வரைந்து வைத்திருக்கிற ஒரு வளைகோட்டைக் கடைசியில் ஒரே ஒருமுறை பார்த்தால், நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று அது சொல்லும். யூனிட் இரு மடங்கானால் லிட்டர் இரு மடங்காகாது. வீடுகள் கூடக் கூட, எல்லாரும் ஒரே நிமிடத்தில் குழாயைத் திறப்பது அரிதாகிக்கொண்டே போகும்.

அவள் குடியிருந்த ஒற்றை அறையின் சுவருக்குள்ளும் ஒரு பைப் இறங்கியது. மேல் வீட்டில் யாரோ குளிப்பது கேட்கும். கீழே யாரோ பாத்திரம் கழுவுவது கேட்கும். இரண்டு வருடமாகக் கேட்கிறாள். முகம் தெரியாது. ஒருவர் திறப்பது இன்னொருவருக்குத் தெரியாமல் வாழ்கிற மனிதர்களை நம்பித்தான் அந்த வளைகோடு வரையப்பட்டிருக்கிறது என்று அவளுக்கு அப்போது தோன்றும்.

அவள் தனியாகக் கணக்குப் போட்டு முடித்த முதல் கட்டடம் எட்டு மாடி. மாடிக்கு நான்கு குளியலறைகள், எல்லாவற்றுக்கும் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்குகிற ஒரே பைப். குளியலறைக்கு ஆறு யூனிட், மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. வளைகோடு நிமிடத்துக்குச் சுமார் இருநூற்று நாற்பது லிட்டர் என்றது. அதற்குத் தகுந்த பைப்பைப் போட்டார்கள்.

வேலை முடிகிற தறுவாயில் ஒரு தகவல் வந்தது. குடும்பங்களுக்குக் கட்டிய அந்தக் கட்டடத்தை ஒரு தொழிற்சாலை தன் பெண் தொழிலாளர்களுக்காக முழுதாக வாடகைக்கு எடுத்துவிட்டது. குழாய் வரைபடத்தில் மாற்றம் உண்டா? அவள் திரும்ப எண்ணினாள். குளியலறைகள் அதே முப்பத்திரண்டு, யூனிட்டுகளும் அதே. இன்னொரு முறையும் எண்ணிவிட்டு, மாற்றமில்லை என்று பதில் அனுப்பினாள்.

பைப் இறங்குகிற ஷாஃப்டின், அந்தச் செங்குத்துச் சந்தின், முன்பக்கத்தைச் சுவர் வைத்து மூடுவதற்கு முன் அவள் ஒருமுறை பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அன்று சைட்டுக்குப் போனாள். மறுநாள் கொத்தனார்கள் வருவதாக இருந்தது.

மூன்றாம் மாடியில் ஓர் அம்மாள் ஒவ்வொரு அறையாகத் திறந்து கட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தார். தொழிற்சாலை அனுப்பிய வார்டன்.

"நீதான் பாத்ரூம் பொண்ணா? நல்லதாப் போச்சு. தண்ணி நல்லா வருமில்ல?"

"வரும்மா."

"வரணும். இல்லேன்னா என் மண்டைதான் உருளும். ஆறு மணிக்கு பஸ் வாசல்ல வந்து நிக்கும். ஒரு நிமிஷம் நிக்க மாட்டான் அந்த மகராசன். நான் அஞ்சு மணிக்கு மணி அடிச்சா மொத்தப் பொண்ணுங்களும் எந்திரிச்சு பாத்ரூமுக்கு ஓடும். ஒருத்தி வெளிய வர்றதுக்குள்ள அடுத்தவ வாளியோட நிப்பா."

"எல்லாருமேவா?"

"பின்னே? முறை வச்சா குளிக்க முடியும்? ஷிஃப்ட் எல்லாருக்கும் ஒண்ணுதானே."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குழாய்களை இரண்டு முறை எண்ணியிருந்தாள். திறக்கிறவர்களை ஒருமுறைகூட எண்ணவில்லை.

சைட் மேனேஜர் கீழே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிளம்பிங் காண்ட்ராக்டர்.

"சார், ஷாஃப்ட நாளைக்கு மூட வேண்டாம்."

"ஏம்மா? லீக்கா?"

"லீக் இல்ல சார். பைப் பத்தாது."

"கணக்குல தப்பா?"

"கணக்கு சரி சார்."

"சரின்னா அப்புறம் என்ன?"

"கணக்கு சரிதான். ஆளுங்கதான்... ஒரே நேரத்துல..."

அதற்கு மேல் சொற்கள் வரவில்லை. பேப்பரும் பென்சிலும் இருந்தால் வரைந்து காட்டியிருப்பாள். காண்ட்ராக்டர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே சொன்னார்: "மேடம், போன வாரம்தான் மாற்றமில்லைன்னு நீங்களே எழுதிக் கொடுத்தீங்க. இப்ப நிச்சயம் முடிஞ்சப்புறம் பொண்ணு பிடிக்கலைங்கிற மாப்ள மாதிரி பேசறீங்க."

சைட் மேனேஜர் சிரித்துவிட்டார். பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு, "போய்ச் சாப்பிடும்மா. நாளைக்குக் கொத்தனாருங்க வர்றாங்க. நிறுத்தணும்னா எனக்குக் கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏதாவது வேணும்" என்றார்.

அவள் சாப்பிடப் போகவில்லை. மொட்டைமாடிக்கு ஏறித் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். நிரம்பியிருந்தது. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. எட்டாம் மாடியில் தொடங்கினாள். முதல் ஷவரைத் திறந்ததும் தண்ணீர் கொட்டியது. நான்கையும் திறந்தாள். நன்றாகவே வந்தது. இதை மட்டும் பார்ப்பவர்கள் பைப் போதும் என்றுதான் சொல்வார்கள்.

ஏழாம் மாடியில் நான்கு, ஆறாம் மாடியில் நான்கு. ஆளில்லாத வீடுகள். பிளாஸ்டிக் உறை கிழிக்காத கதவுகள், சுவரில் சாய்த்து வைத்த கட்டில்கள். ஒவ்வொரு குளியலறையிலும் நுழைந்து, கையை நீட்டித் திருகி, தோளில் தெறிப்பதற்குள் வெளியே வந்தாள். ஐந்தாம் மாடியில் துப்பட்டா நனைந்தது. அதற்குக் கீழே பொருட்படுத்துவதை விட்டுவிட்டாள். கீழே போகப் போகத் தண்ணீர் வேகமாக அடித்தது. மேலேயிருந்து இறங்குகிற தண்ணீரின் கனம் கீழ் வீடுகளுக்குத்தான் சாதகம்.

மூன்றாம் மாடியில் வார்டன் கேட்டார்: "என்னம்மா, குளிக்கப் போறியா?"

"பார்க்கறேன்மா."

முதல் மாடியின் கடைசி ஷவரைத் திறந்தபோது கட்டடம் முழுவதும் இரைந்தது. அவள் திரும்ப ஏறினாள். நான்காம் மாடிவரை குறையில்லை. ஐந்தில் சற்று மெலிந்திருந்தது. ஆறாம் மாடியில் ஷவரின் நடுத்துளைகளில் மட்டும் நூல் நூலாக வந்தது. ஏழில் சொட்டியது.

எட்டாம் மாடியில் சத்தமே இல்லை என்று முதலில் நினைத்தாள். உள்ளே போய் நின்றதும் கேட்டது. தண்ணீர் விழும் சத்தம் அல்ல, மெல்லிய சீறல். ஷவருக்குக் கீழே உள்ளங்கையை வைத்தாள். தோலை அது மெதுவாக உள்ளிழுத்தது. கீழே இருக்கிற ஷவர்கள், தொட்டியிலிருந்து பைப் கொண்டுவர முடிகிற தண்ணீரை எல்லாம் வாங்கிக்கொண்டு, இன்னும் இழுத்தன. இங்கே தர ஒன்றுமில்லாததால் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அவள் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். தன் சந்தேகம் சரி என்று தெரிந்ததில் வந்த சந்தோஷத்தைச் சொல்ல அங்கே யாருமில்லை. பிறகு சைட் மேனேஜரைப் போனில் கூப்பிட்டாள்.

"சார், எட்டாவது மாடிக்கு வர முடியுமா? கண்ணுக்குத் தெரியாது. கையில தெரியும்."

அவர் மூச்சு வாங்க வந்தார். பின்னாலேயே காண்ட்ராக்டர். அவள் ஷவரைக் காட்டினாள். மேனேஜர் உள்ளங்கையை வைத்தார். முகம் மாறியது.

"இழுக்குதே!"

"காத்து சார். தொட்டி நிறைஞ்சுதான் இருக்கு."

காண்ட்ராக்டரும் கை வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் ஒரேடியா திறந்தா எந்தக் கட்டடம் தாங்கும் மேடம்?" என்றார். குரலில் பழைய கிண்டல் குறைந்திருந்தது.

"இங்க தினமும் திறப்பாங்க சார். ஷிஃப்ட் ஒண்ணு, பஸ் ஒண்ணு. ஷவர் தண்ணிய வளைகோட்டுல போடக் கூடாது. முப்பத்திரண்டையும் அப்படியே லிட்டராக் கூட்டணும். மத்ததை மட்டும் யூனிட்டுல போட்டு, வர்ற லிட்டரை அதோட சேர்க்கணும்." சொற்கள் இப்போது தானாக வந்தன. "இந்த பைப் இருக்கட்டும். கீழ நாலு மாடிக்கு மட்டும் விடலாம், அங்க அழுத்தம் தாராளமா இருக்கு. மேல நாலு மாடிக்குத் தொட்டியிலிருந்தே தனியா, இதைவிடப் பெரிய பைப் இறக்கணும். ஷாஃப்ட்ல இடம் இருக்கு. மூடிட்டா இருக்காது."

சைட் மேனேஜர் ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துக் கொத்தனார் மேஸ்திரியை நாளைக்கு வர வேண்டாம் என்றார். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "எட்டாவது மாடியில காத்துல குளிக்க முடியாதுய்யா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவளுடைய முதலாளியின் அழைப்பு சிறிது நேரத்தில் வந்தது. செய்தி அதற்குள் போயிருந்தது.

"உன்ன யாரும்மா டெஸ்ட் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

"மாற்றமில்லைன்னு நீதானே எழுதின? இப்ப நம்ம ஆபீஸ் தப்புன்னு ஆயிடுச்சு."

"ஆமா சார். என் தப்புதான்."

அவர் கத்துவதற்குத் தயாராகத்தான் அழைத்திருந்தார், கத்த இடம் கிடைக்கவில்லை. "புது பைப் அளவைச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பு. அடுத்த கட்டடத்தை வேற ஆள் பார்க்கட்டும்" என்று சொல்லி வைத்தார்.

வேறு ஆள் யார் என்று அவள் யோசித்தாள். குழாய்க்கு வேறு ஆள் கிடையாது. ஒருவரை எடுப்பார்கள் போலிருக்கிறது. பிரிண்டருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட இடமிருக்கிறதா என்று நினைத்துப் பார்த்தாள். இருந்தது.

மேனேஜரும் காண்ட்ராக்டரும் பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள். ஷவர்களை மூட ஆள் அனுப்புகிறேன் என்று போகிற போக்கில் சொன்னார்கள். அவள் காத்திருக்கவில்லை. எட்டாம் மாடியில் நான்கையும் மூடினாள். ஏழில் மூடினாள். ஆறில் நூல் கொஞ்சம் தடித்திருந்தது, அங்கேயும் மூடினாள். ஐந்தாம் மாடிக் குளியலறையில் நுழைந்தபோது தண்ணீர் முன்பைவிட வேகமாக விழுந்தது. அவள் இன்னும் தொடாத கீழ் மாடிகளிலிருந்து இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது.

படிக்கட்டின் வளைவில் வார்டன் நின்றிருந்தார். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தார்.

"கீழேருந்து மூடிட்டு வரேன். நாலு மாடியும் முடிஞ்சுது. இத்தனையும் ஒத்தையாவா திறந்தே?"

"ஆமாம்மா."

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமில்ல?"

அவளுக்கு அது தோன்றவே இல்லை. நனைந்த துப்பட்டாவின் நுனியைப் பிழிந்தாள். வார்டன் தன் துண்டை அவள் பக்கம் நீட்டிவிட்டு, ஐந்தாம் மாடியில் மிச்சமிருந்ததை மூடப் போனார்.