திரும்பி வராத பணம்

மகாந்தேஷ் என்னிடம் கேட்டது டெர்ம் பாலிசி, போட்டவர் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வருகிற பாலிசி. அவனாகவே போன் செய்து கேட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு வந்த எல்லாப் பேச்சிலும் இந்த ஒன்றைத்தான் நான் சொல்லாமல் விட்டேன்.

ஹூப்ளியில் பதினான்கு வருடமாக இன்சூரன்ஸ் ஏஜென்ட் நான். கோகுல் ரோட்டில் பம்ப் செய்யும் தொழிற்சாலையில் பாதிப் பேருக்கு நான்தான் பாலிசி போட்டிருக்கிறேன். மகாந்தேஷ் அங்கே சூப்பர்வைசர். முப்பத்தொரு வயது, மாதம் நாற்பத்திரண்டாயிரம் சம்பளம். வீட்டில் மனைவி சிவலீலா, நான்கு வயதுப் பெண், எட்டு மாதக் கைக்குழந்தை, அம்மா கங்கவ்வா. ஐந்து பேருக்கும் அந்த ஒரு சம்பளம்தான்.

"சுனந்தக்கா, ஒரு கோடிக்கு டெர்ம் பாலிசி வேணும். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இவங்க கையேந்தக் கூடாது. வருஷத்துக்குப் பதிமூணாயிரம் பக்கத்துல வரும்னு எங்க ஷிப்ட்ல ஒருத்தன் சொன்னான். சரிதானே?"

சரிதான். அவன் வயதுக்கு, சிகரெட் புகையிலை இல்லாதவனுக்கு, அவ்வளவுதான் வரும்.

ஆனால் அது மார்ச் மாதம். ஏஜென்ட்டுகளுக்கு மார்ச் என்றால் என்னவென்று எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். அந்த மாதம் முழுக்க அவர்தான் ரொட்டி தட்டுவார். அந்த வருடம் அதிகப் பாலிசி பிடிக்கும் ஏஜென்ட்டுகளுக்கான கிளப்பில் உறுப்பினராக எனக்கு இன்னும் நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் புதுப் பிரீமியம் தேவைப்பட்டது. பதிமூன்றாயிரத்தில் அது முடியாது. அவர்கள் வீட்டுக்குப் போகும்போது பையில் இரண்டு தாள்கள் வைத்திருந்தேன். ஒன்று அவன் கேட்டது. இன்னொன்று இருபது வருட சேமிப்புப் பாலிசி. வருடத்துக்கு ஐம்பதாயிரம். முடிவில் பத்து லட்சமும் போனஸும் கைக்கு வரும். நடுவில் இறந்தால் அதே பத்து லட்சமும் அதுவரை சேர்ந்த போனஸும்.

முப்பது வருடத்துக்கான டெர்ம் தாளைத்தான் முதலில் எடுத்தேன். சிவலீலா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"இவருக்கு ஒண்ணும் ஆகலைன்னா கட்டினது திரும்பி வருமாக்கா?"

"ஒண்ணும் வராதும்மா" என்றேன்.

அது பொய் இல்லை. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தாளை மடித்து வைத்தேன். வராது, அதனால்தான் அது இவ்வளவு மலிவு, கட்டுகிற ஒவ்வொரு ரூபாயும் உன் பிள்ளைகளின் சோற்றுக்கான காவல் என்று அடுத்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். பயிற்சி வகுப்பில் மற்றவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன்.

"அப்புறம் எதுக்கு? முப்பது வருஷம் தண்ணியில போடறதா?" என்றாள் சிவலீலா.

அப்போது நான் இரண்டாவது தாளை எடுத்தேன். கைக்குழந்தை காலேஜ் படிக்கிற வயதில் பணம் வரும் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

மகாந்தேஷ் விடவில்லை. "அக்கா, பத்து லட்சம் என் ரெண்டு வருஷ சம்பளம். அதுக்கப்புறம் இவங்க என்ன பண்ணுவாங்க? நான் செத்தா என்ன ஆகும்னுதான் கேக்கறேன், இருந்தா நானே சம்பாதிச்சுப் போட்டுக்குவேன்ல?"

பதினான்கு வருடத்தில் இவ்வளவு தெளிவாக ஒரு வாடிக்கையாளர் என்னிடம் பேசியதில்லை.

"கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு சாவு பேச்சு பேசலாமாப்பா? நல்லதைப் பேசு" என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு வேலையே இருக்கவில்லை. "வாயை மூடுங்க நீங்க" என்று சிவலீலா அவனை அடக்கினாள். கங்கவ்வா உள்ளேயிருந்து வந்து பேரன் பேத்திக்குத் திருஷ்டி கழிப்பதுபோல் அவன் தலையைச் சுற்றி விரல் நெரித்தாள். அவன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். எனக்கு முதல் வருடக் கமிஷன் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். டெர்ம் என்றால் மூவாயிரம்கூட வந்திருக்காது. கிளப்பிலும் சேர்ந்தேன்.

அடுத்த வருடம் அவன் மறுபடி போன் செய்தான். அந்தப் பாலிசியை நிறுத்திவிட்டு டெர்ம் எடுக்கலாமா என்றான். இரண்டு வருடமாவது கட்டாமல் நிறுத்தினால் கட்டியது அவ்வளவும் போய்விடும் என்றேன். அதுவும் உண்மைதான்.

"சரிக்கா, அப்போ ரெண்டும் இருக்கட்டும். எப்படியாவது சமாளிச்சுக்கறேன். நீங்க டெர்முக்கு ஏற்பாடு பண்ணுங்க."

ஒரு கோடி என்றால் ரத்தப் பரிசோதனை, இசிஜி எல்லாம் உண்டு. வீட்டுக்கே ஆள் அனுப்புகிறேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் இரு என்றேன். அதுவும் மார்ச்தான். மூவாயிரத்துக்காக இவ்வளவு அலைச்சலா, ஏப்ரலில் பார்த்துக்கொள்வோம் என்று தள்ளிப்போட்டேன். ஏப்ரலில் மறந்துபோனேன். அவனும் பிறகு கேட்கவில்லை. கேட்டு நச்சரிக்கிற சுபாவம் இல்லை அவனுக்கு.

பாலிசி போட்டு மூன்று வருடம் நான்கு மாதத்தில் டெங்கு வந்து மகாந்தேஷ் இறந்துபோனான். ஆறே நாள். முப்பத்திநான்கு வயது.

கிளெய்ம் வேலையில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. இறப்புச் சான்றிதழ், பாலிசிப் பத்திரம், பாஸ்புக் எல்லாவற்றையும் நானே தூக்கிக்கொண்டு அலைந்தேன். மூன்று வாரத்தில் பதினொரு லட்சத்துச் சொச்சம் சிவலீலாவின் கணக்கில் விழுந்தது. அதைச் சொல்லப் போனேன். அவள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

"நீங்க இல்லைன்னா இதுகூட வந்திருக்காதுக்கா" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "அன்னிக்கு அவர் கோடிக்குப் போடலாம்னுதான் சொன்னார். நான்தானே திரும்பி வராதான்னு கேட்டேன். நான்தானே அவர் வாயை அடைச்சேன்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த கங்கவ்வா இதற்காகவே காத்திருந்தவள்போல் ஆரம்பித்தாள். "இவ வாய்தான், சுனந்தா. என் பிள்ளை எல்லாத்தையும் யோசிச்சு வெச்சிருந்தான். இந்த மகாராணிக்குக் காசு திரும்பி வரணுமாம்! வந்துச்சா இப்ப? வந்துச்சாடி?"

சிவலீலா தலையைக் குனிந்துகொண்டாள். தனக்கு வரவேண்டியது வருகிறது என்கிற மாதிரி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் தோளைத் தட்டினேன். "உன் தப்பு இல்லைம்மா, விதி" என்று சொல்லி டீயைக் குடித்து முடித்தேன். உன் தப்பு இல்லை என்பதோடு நிறுத்தியிருந்தால், யார் தப்பு என்ற கேள்வி வந்திருக்கும். அதற்குத்தான் விதியைச் சேர்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தொழிற்சாலை வாசலில் யாராவது "அக்கா" என்று கூப்பிட்டால் திடுக்கிடுவேன். பெரியவளை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சிவலீலா ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், ஒன்பதாயிரம் சம்பளத்துக்கு.

நான்கு மாதம் கழித்து அவளே போன் செய்தாள். அவள் தம்பி ஈரண்ணாவுக்கு இருபத்தெட்டு வயது, டெம்போ ஓட்டுகிறான், அப்போதுதான் ஆண் குழந்தை பிறந்திருந்தது. "அவனுக்குக் கோடி பாலிசி போடணும்க்கா. அவன் பொண்டாட்டி என்னை மாதிரியே பேசறா. நீங்க வாங்க, நானும் இருக்கேன்."

போனேன். ஈரண்ணாவின் மனைவி பாக்யா தொட்டிலை ஆட்டிக்கொண்டே கேட்டாள். "கட்டினது திரும்பி வராதாமே? சீட்டு போட்டாலாவது கடைசியில ஏதாவது கையில நிக்கும்."

நான் வாய் திறப்பதற்குள் சிவலீலா முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"பாக்யா, என்னைப் பாரு. இதே கேள்வியை நான் கேட்டேன். அக்கா கோடி பாலிசியைத்தான் எடுத்துக் காட்டினாங்க. நான்தான் வேணாம்னேன். புருஷனை அடக்கிட்டேன்னு பெருமை வேற. என் பிள்ளைங்க சோத்துல நானே மண்ணைப் போட்டேன். நீயும் போடாதே."

அவள் அழவில்லை. தினமும் சொல்லிப் பழகியவள்போல் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"இல்லை" என்றேன். "சிவலீலா, நீ இல்லை. நான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ கேட்டது யாரும் கேக்கற கேள்வி. பதில் சொல்ல வேண்டியது என் தொழில். எனக்கு அந்தப் பெரிய பிரீமியம் வேணும்னு பாதி பதிலோட நிறுத்திக்கிட்டேன். சாவு பேச்சு பேசாதேன்னு அவன் வாயை முதல்ல அடைச்சது நான். நீ அதுக்கப்புறம்தான் பேசினே." மூச்சு வாங்கிக்கொண்டேன். "இன்னொண்ணும் இருக்கு. அடுத்த வருஷமும் அவன் கேட்டான். ரத்தம் எடுக்க ஆள் அனுப்பறேன்னு சொல்லிட்டு நான் அனுப்பவே இல்லை."

தொட்டில் ஆடுவது நின்றுவிட்டது.

"ஞாயித்துக்கிழமையா?" என்றாள் சிவலீலா.

"ஆமா."

"பத்தரை மணி வரைக்கும் டீகூடக் குடிக்காம வாசல்ல உட்கார்ந்திருந்தார். எதுக்குன்னு கேட்டேன், யாரோ வரணும்னார். என்கிட்ட சொன்னா மறுபடி கத்துவேன்னு சொல்லலை போல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாலு மாசமா எங்க அத்தை என்னைப் பேசினதெல்லாம் உங்களுக்குத் தெரியும். முன்னாடி உட்கார்ந்து கேட்டீங்க. டீ குடிச்சீங்க."

நான் மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"அது எனக்கு வேணாம். எழுந்திருங்க. எங்க அத்தைகிட்ட வந்து இதையே சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம."

ஆட்டோவில் இருவரும் ஒன்றாகத்தான் போனோம். வழியெல்லாம் அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கங்கவ்வா ஜோள ரொட்டிக்குச் சோள மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். முதலில் அவளுக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்ல வைத்தாள். இரண்டாவது தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"என் பிள்ளை கேட்டானா? ரெண்டு தடவை கேட்டானா?" என்றாள். மாவுக் கையோடு எழுந்து வந்தாள். அடிப்பாள் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைக் கடந்து போய் மருமகளின் முன்னால் நின்றாள். அவள் கன்னத்தைத் தொடப் போய், கையில் மாவு இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சிவலீலாதான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அழ ஆரம்பித்தபோது நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அங்கே நிற்க எனக்கு உரிமை இல்லை.

பேச்சு தொழிற்சாலைக்கும் போனது. சிலர் வேறு ஏஜென்ட்டிடம் போய்விட்டார்கள். சிலர் வந்து, "எங்களுக்குப் போட்டது எப்படி அக்கா?" என்று நேராகவே கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து சொன்னேன். சேமிப்புப் பாலிசியே தப்பு என்று சொல்லவில்லை. சம்பாதிக்கிறவன் போனால் வீட்டுக்கு எத்தனை வருடம் எவ்வளவு வேண்டும் என்று பார்த்து அதற்கு முதலில் டெர்ம் எடு, மிச்சம் இருந்தால் பிறகு சேமி என்று சொன்னேன். அடுத்து வந்த மார்ச்சில் கிளப் உறுப்பினர் பதவி போயிற்று. அதனால் மகாந்தேஷுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் தெரியும்.

ஈரண்ணாவுக்கு என் மூலம் போடவில்லை. வேறொருவரிடம் போனார்கள். சிவலீலா அதன்பின் பேசவில்லை. ஒரே ஒரு தடவை போன் வந்தது, கடையிலிருந்து, பின்னால் வாடிக்கையாளர்கள் சத்தம்.

"ஈரண்ணா குட்கா போடுவான். பாரத்துல எழுதணுமா? எழுதாதே, பிரீமியம் ஏறும்னு இந்தப் புது ஏஜென்ட் சொல்றார்."

"எழுதச் சொல்லு. ஏறும், ஏறட்டும். மறைச்சா நாளைக்கு பாக்யா கையில பணம் வராம நிறுத்திடுவாங்க."

"சரி" என்றாள். கொஞ்சம் தயங்கினாள் என்று எனக்குத் தோன்றியது. பிறகு போனை வைத்துவிட்டாள்.