கடிகாரம் போட்ட செய்தி

அதை எழுதியது செவ்வாயா, புதனா என்று அவனுக்கே இப்போது சந்தேகம். சூறைக்காற்று அடித்து ஊரே தொடர்பற்றுப் போன முதல் நாள் என்பது மட்டும் நிச்சயம். தன்னைக் கேட்காமல் கொள்ளாமல் அப்பாவை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்ட அண்ணனுக்கு, "இனி நீ எனக்கு அண்ணனே இல்லை, என் வாசலை மிதிக்காதே" என்று தட்டி அனுப்பினான். செய்தியின் ஓரத்தில் சின்னக் கடிகாரம் வந்து உட்கார்ந்தது. செய்தி போகவில்லை. போனைப் பையில் போட்டவன், வேலை மும்முரத்தில் அதை மறந்தே போனான்.

மூன்றாம் நாள் காலை, அவன் நாற்பது மீட்டர் செல்போன் கோபுரத்தின் உச்சியில் இடுப்புவாரில் தொங்கிக்கொண்டிருந்தான். காற்று திருப்பிவிட்ட டிஷ்ஷை, தூரத்துக் குன்றிலிருந்த கோபுரத்துக்கு நேராகத் திருப்ப வேண்டும். அது நேரானால் ஊருக்கே உயிர் வரும். கைதவறி விழுந்துவிடும் என்பதால் போனை மேலே கொண்டுபோகக் கூடாது. கீழே பெட்டியில் இருந்தது. மடிக்கணினியில் சிக்னல் அளவைப் பார்த்து வாக்கி-டாக்கியில் சொல்லிக்கொண்டிருந்தான் கூட்டாளி சீட்டி.

"ஏறுதுடா, ஏறுது! இன்னும் ஒரு மயிரிழை வலப்பக்கம்."

ஸ்பேனரைப் பிடித்த கை அப்படியே நின்றது. இந்த மயிரிழையோடு ஊரில் காத்திருக்கும் கடிகாரங்கள் எல்லாம் கிளம்பிவிடும். அவனுடையதும்.

"என்னடா, மேல குடித்தனம் வச்சிட்டியா?"

"சீட்டி... என் போன்ல ஒரு செய்தி நிக்குது. போகக் கூடாது."

வாக்கி-டாக்கியில் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

"யாருக்குடா?"

"அண்ணனுக்கு."

"பூட்டு எண் சொல்லாத, எனக்கு வேணாம். திரையை மேலருந்து இழுத்தா விமானப் படம் வரும்ல, அதை அமுக்கிட்டேன், உன் போன்லருந்து எதுவும் போகாது. இப்போ திருப்பு, ஊரே காத்துக்கிட்டு இருக்கு."

திருப்பினான்.

கீழிருந்து சத்தம் எட்டவில்லை. ஆனால் கடைத்தெருவில் நடந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். மூட்டை தூக்கியவர் மூட்டையை இறக்கினார். பேருந்துக்கு ஓடிய பெண் பாதி வழியில் நின்று உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று நாளின் சொற்கள் அத்தனையும் தன் தோளை உரசிக்கொண்டு போவதுபோல் அவனுக்குப் புல்லரித்தது. எந்தச் சொல் யாரைத் தூக்கி நிறுத்தியதோ, எது யாரைச் சாய்த்ததோ! வெகுநேரம் இறங்காமலே இருந்தான்.

இறங்கியதும், விமானப் படத்தை எடுக்காமலே அந்தச் செய்தியை அழித்தான். சீட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சீட்டியடித்தான். பிறகு இவன் இணைப்பைப் போட்டு அண்ணனைக் கூப்பிட்டான். சண்டைதான் போட்டான், ஆனால் பேசினான்.

அப்பா இல்லத்திலேயே இரண்டு வருஷம் இருந்து காலமானார். ஞாயிறுதோறும் அண்ணனும் தம்பியும் முறைவைத்துப் போய்ப் பார்த்தார்கள். அண்ணனுக்கு அந்தச் செய்தி இன்றுவரை தெரியாது. சீட்டி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனான். இவன் இன்னும் கோபுரம் ஏறுகிறான்.