ஒற்றை விளி

பிளே ஸ்டோரில் ஒரு செயலிக்குக் கீழே நாலு பத்தி எழுதி வைத்திருப்பார்களே, அதையெல்லாம் எந்தப் புண்ணியவான் வாசிக்கிறான் என்று கேட்காதவர் இல்லை. வாசிக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஜிஷாவின் அக்கா ஷைஜா ஒருத்தி போதும். புதுக் குக்கர் வாங்கினால்கூட, கூட வந்த தாளை எழுத்துக்கூட்டி முடித்த பிறகுதான் அடுப்பில் ஏற்றுவாள். அதில் போட்டிருக்கிறபடியேதான் செய்வாள்.

நாகர்கோவிலில் ரதீஷ் நடத்தும் சின்னக் கம்பெனியின் செயலிக்கு 'மறுபடி' என்று பெயர். படிப்பை விட்டு வருஷக்கணக்கானவர்கள் இங்கிலீஷ் கற்றுக்கொள்வதற்கானது. ஸ்டோரில் வரும் விவரணையை எழுதியது, அங்கே வேலை பார்க்கும், அவனைவிட வயதில் மூத்த ஜிஷா. சுருக்க விவரணை எண்பது எழுத்துக்குள் அடங்க வேண்டும். கம்ப்யூட்டரோ கொம்பையும் புள்ளியையும் தனித்தனி எழுத்தாக எண்ணித் தொலைக்கும். வெட்டி வெட்டிக் கடைசியில் இப்படி நின்றது: "விட்ட படிப்பைத் தொடலாம். தினமும் ஒரு தடவை விளிப்போம், தொல்லை இல்லை."

விளி என்றால் இந்தப் பக்கத்தில் கூப்பிடுவது. செயலியில் அது சாயங்காலம் போனில் வரும் நினைவூட்டல். வீட்டு ஆளைப் பாசமாகக் கூப்பிடுகிற மாதிரி ஜிஷாவே தன் குரலில் "மக்கா" என்று சொல்லிப் பதிவு செய்திருந்தாள். ஒரே ஒரு தடவை ஒலிக்கும்.

முதல் வாரம் ஆட்கள் மளமளவென்று இறக்கிக்கொண்டார்கள். பிறகு அதே வேகத்தில் அழித்தார்கள். ஒற்றை நட்சத்திரம் போட்டு ஒருவர் எழுதினார்: "அந்தி நேரத்தில ஒத்த விளி விளிக்குது. பேடியா இருக்கு."

போன் கூப்பிட்டால் பயமா என்று ரதீஷ் சிரித்தான். ஜிஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பொழுது சாயும்போது வெளியே யாராவது கூப்பிட்டால் இந்தப் பக்கத்தில் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். இன்னும் இரண்டு தடவை கேட்கிறதா என்று பார்ப்பார்கள். மனுஷன் அல்லாதது ஒரு தடவைதான் விளிக்கும். கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் ஒத்துப்போகிற விஷயம் அது. பிறந்தது முதல் தெரிந்ததை எப்படி மறந்தேன் என்று ஜிஷா தன்னையே திட்டிக்கொண்டாள்.

குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஷைஜா தனியாக இருந்தாள். தங்கை படிக்கட்டும் என்று ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அந்த விவரணையின் ஒவ்வொரு வரியும் அவளை நினைத்து எழுதியதுதான். அவளும் அறிவிப்பை நிறுத்திவிட்டாள்.

"ஒனக்க சத்தந்தான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஒத்த விளிக்கு நான் எந்திரிக்க மாட்டேன் கேட்டியா."

மூன்று தடவை ஒலிக்கிற மாதிரி ஜிஷா புதிதாகப் பதிவு செய்தாள். விவரணையையும் "மூன்று தடவை விளிப்போம்" என்று திருத்தினாள். இரண்டையும் பரிசீலனைக்கு அனுப்பினார்கள். விவரணைக்குச் செயலியின் புதுப் பதிப்பு வேண்டியதில்லை. அது மறுநாளே ஸ்டோரில் ஏறிவிட்டது. புதுப் பதிப்புதான் ஏதோ படிவம் குறைகிறதென்று திரும்பி வந்தது. நாலு நாள் பொய்யால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று விட்டார்கள்.

அந்த வாரமே ஐந்து நட்சத்திரத்தோடு ஒரு விமர்சனம் வந்தது. "இப்ப மூணு தடவை விளிக்குது. சந்தோஷம்."

ரதீஷ் அதன் பக்கத்தில் இருந்த பதிப்பு எண்ணைப் பார்த்தான். "இது பழசுல்லா. இதுல மூணு விளியே கெடயாதே மேடம்."

"வாசிச்சதுனால அப்படித் தோணியிருக்கும், தம்பி."

அடுத்தடுத்து அதே மாதிரி விமர்சனங்கள் வந்தன. எல்லாம் பழைய பதிப்பு. ஜிஷா விவரணையைப் பழையபடி மாற்றி அனுப்பினாள். 'பரிசீலனையில்' என்று காட்டியது. அதை அவசரப்படுத்த யாராலும் ஆகாது.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஷைஜா போன் செய்தாள். குரலில் ஒரே உற்சாகம்.

"ஏட்டி, நீ மாத்தி எழுதினத வாசிச்சேன். அறிவிப்பையும் திருப்பி வச்சாச்சு. மொதல் விளி இப்பதான் கேட்டுது."

"போன்லயா அக்கா?"

"மொதல்து போன்லதான். நேத்தைக்கு, மத்த ரெண்டும் ரப்பருக்குள்ள இருந்துல்லா வந்துது. அங்கயும் ஒனக்க சத்தந்தான். நான் எறங்கிப் போய்ப் பாக்கதுக்குள்ள இருட்டிப்போச்சு."

"அக்கா, கதவத் தொறக்காத. போன்ல ஒண்ணுதான் இருக்கு. மத்த ரெண்டும் நாங்க இன்னும் விடல்ல."

பதில் வருவதற்குள், அக்காவின் வீட்டுக்கு அப்பால் எங்கோ தூரத்தில், ஜிஷாவின் குரல் ஜிஷாவுக்கே கேட்டது. மக்கா.

"கேட்டியா?" என்றாள் ஷைஜா.

"அது நான் இல்ல அக்கா. நான் இங்க ஆபீஸ்ல இருக்கேன். போகாத."

மக்கா. இப்போது பக்கத்தில் கேட்டது. தாழ்ப்பாள் விலகும் சத்தமும் கூடவே வந்தது.

"மூணாச்சுல்லா," என்றாள் ஷைஜா. "நீதான மக்கா எழுதியிருக்க."