அணைந்து அணைந்து எரிந்த விசைகள்

சிதம்பரம் தெற்கு வீதியில், ஒரு மாடிப்படிக்கு அடியில் அடங்கியிருந்த கணினி பழுதுபார்க்கும் கடையில், ஆரோக்கிய ஜெனிபர் அன்று பிற்பகல் மூன்று மணிக்குச் செய்வதறியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் முன்னால் திறந்திருந்த மடிக்கணினி நாடகங்களுக்கு ஒலி ஒளி அமைக்கும் தட்சிணாமூர்த்தியுடையது. சிங்கப்பூரிலிருந்து அவருடைய மைத்துனர் வாங்கி வந்து கொடுத்தது. அதன் விசைகளுக்கு அடியில் வண்ண விளக்குகள் உண்டு. சிவப்பாய் எரியும் இடப்பக்க விசைகள் மேடைத் திரைக்கும் விளக்குக்கும். பச்சையாய் எரியும் வலப்பக்க விசைகள் பாட்டுக்கும் மேளத்துக்கும். அரங்கு இருண்டபின் அவருக்கு அந்த இரண்டு நிறங்கள்தாம் கண். அண்ணாமலை நகரில் மாலை ஆறரைக்கு நாடகம். ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

அவர் கொண்டுவந்த குறைகள் இரண்டே. கணினிக்குள் சூடு தணிக்கும் காற்றாடி இரைகிறது, திரை மங்கலாகத் தெரிகிறது. முந்தின நாள் ஒப்புகைச் சீட்டில் ஜெனிபரே தன் கைப்பட எழுதியிருந்தாள்: 'விசைப்பலகை விளக்கு நன்றாக எரிகிறது.'

இப்போது எரியவில்லை.

காற்றாடியைத் துடைப்பதற்கு அந்த வகைக் கணினியில் விசைப்பலகையைத் தூக்கித்தான் ஆகவேண்டும். அதற்கு அடியில் இரண்டு ரிப்பன் கேபிள்கள். அகலமானது எழுத்துகளுக்கு, மெல்லியது விளக்குக்கு. இரண்டையும் கழற்றி, தூசி நீக்கி, மீண்டும் செருகி மூடினாள். வெளிப்புறத்தையும் திரையைச் சுற்றியுள்ள சட்டத்தையும் ஈரத்துணியால் பளபளவென்று துடைத்து வைத்தாள். மின்பொத்தானை அழுத்தியதும் விசைகள் சிவப்பும் பச்சையுமாக மலர்ந்தன. விண்டோஸ் வந்து நின்றதும் அணைந்துவிட்டன.

ஜெனிபர் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். முதல் மாதத்திலேயே வேறொரு கணினியில் இப்படிப்பட்ட மெல்லிய கேபிளைப் பிடித்துவைக்கும் சிறு பிளாஸ்டிக் பூட்டை அவசரத்தில் ஒடித்துவிட்டாள். கடைக்காரர் தங்கராசு அன்று சத்தம் போடவில்லை. "பாப்பா, இன்னொரு பூட்டு ஒடஞ்சிதுன்னா நீ வூட்டுலயே இருந்துக்க" என்று மட்டும் சொன்னார். அவர் கத்தியிருந்தால்கூட அவள் இவ்வளவு பயந்திருக்கமாட்டாள். வரும் சனிக்கிழமைதான் அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா என்று அவர் முடிவு சொல்லவேண்டிய நாள்.

விளக்கு விசையை அழுத்திப் பார்த்தாள். திரையில் பல்பு படம் தோன்றியது. விசைகள் இருட்டாகவே கிடந்தன. வண்ணம் மாற்றும் மென்பொருளைத் திறந்தாள். யாராவது கறுப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால் விளக்கு அணைந்ததுபோலத்தான் இருக்கும். கறுப்பில்லை. சிவப்பும் பச்சையும் அவர் வைத்தபடியே இருந்தன. சற்று நேரம் தொடாவிட்டால் அணையும் ஏற்பாடும் நிறுத்தப்பட்டிருந்தது. மின்சாரம் சுவரிலிருந்து வந்துகொண்டிருந்தது. பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக அணைந்தது என்றும் சொல்வதற்கில்லை.

அப்படியானால் பூட்டுதான். மீண்டும் அதேதான்.

உருப்பெருக்கி விளக்கை இன்னும் அருகே இழுத்துக்கொண்டு, விசைப்பலகையை மறுபடி தூக்கினாள். பூட்டு ஒடியவில்லை. கேபிளை நேராகச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பூட்டை அமர்த்தினாள். மூடிப் பார்த்தாள். எரிந்தது, அணைந்தது. என்னவென்று உற்றுப் பார்க்கக் குனிந்தால் மறுபடி எரிந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தால் அணைந்தது. பேய் பிடித்த பொருளைப்போல அது அவளோடு விளையாடியது. எங்கோ இழை விட்டுப்போயிருக்கிறது, தன் மூச்சுக்காற்றுக்கே அசைகிறது என்று எண்ணினாள். "மாதாவே" என்று வாய் தானாக முணுமுணுத்தது.

உதிரிப்பாகம் வாங்கக் கடலூர் போயிருந்த தங்கராசுவை அழைத்தாள். திரும்பி வரும் பேருந்தின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"இன்னா பாப்பா? ஆலப்பாக்கம் தாண்டிட்டேன். சொல்லு."

"அண்ணே... தட்சிணாமூர்த்தி சாரோட லேப்டாப்... கீபோர்டு லைட்டு நிக்க மாட்டேங்குது."



"ஒடச்சிட்டியா?"

"தெரியலண்ணே."

"ஆன் பண்ண ஒடனே எரியுதா?"

"எரியுது. விண்டோஸ் வந்ததும் போயிடுது."

"அப்ப கேபிளு உசுரோட கீது. ஏதோ ஒண்ணு அத அணைக்கச் சொல்லுது. என்னான்னு பாரு. பயந்துகினே ஸ்க்ரூவத் தொடாத, வந்துட்றேன்."

நல்ல சொற்கள்தாம். ஆனால் 'ஒடச்சிட்டியா' என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் அவள் காதில் தங்கவில்லை.

ஐந்து மணி ஆகவில்லை. நாலரைக்கே தட்சிணாமூர்த்தி வந்துவிட்டார். தோளில் ஒயர்ச் சுருள், நெற்றியில் குங்குமம்.

"ரெடியா தங்கச்சி? போன வருசம் இந்த லைட்டு இல்லாத பொட்டிய வச்சிக்கினு இருட்டுல தடவுனேன். எழவு சீன்ல கெட்டிமேளம் போட்டுட்டேன். பொணம் எழுந்து சிரிச்சிச்சி!"

ஜெனிபரால் சிரிக்க முடியவில்லை. "அண்ணா, ஒரு அஞ்சு நிமிசம்..." என்றாள். அவர் அதற்குள் கணினியைத் தம் பக்கம் திருப்பினார். அவர் முகம் மாறியது. அவர் பார்த்தது விசைகளை அல்ல.

"பொட்டு எங்கம்மா?"

"எந்தப் பொட்டுண்ணா?"

"ஆயுத பூசைக்கு எங்க வூட்டம்மா வச்ச பொட்டு. சந்தனம் கொழச்சி, குங்குமம் வச்சி, இதோ இங்க, நெத்தியில. பொட்டு வச்சப்புறம் ஒரு புரோகிராமும் சொதப்பல. அத ஏன் அழிச்ச?"

கழுத்திலிருந்த சிலுவைச் சங்கிலியை அவள் கை தானாகவே துப்பட்டாவுக்குள் தள்ளியது. வேண்டுமென்றே செய்ததாக நினைப்பாரோ? கேபிளை ஒடித்தது போதாதென்று இதுவுமா?

"அழுக்குன்னு நெனச்சித் தொடச்சிட்டேண்ணா. சத்தியமா தெரியாது. மன்னிச்சிருங்க."

"அழுக்கா! காஞ்ச சந்தனம், இம்மாம் பெருசு இருந்துச்சே."

அவர் விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். திரைக்கு மேலே, கேமராவை ஒட்டி. விரல் பட்டதும் விசைகள் எரிந்தன. எடுத்ததும் அணைந்தன.



"அண்ணா, இன்னொரு தடவ வைங்க."

வைத்தார். சிவப்பும் பச்சையும் சீராக எரிந்தன. ஜெனிபர் குனிந்து பார்த்தாள். கேமராவுக்குப் பக்கத்தில் கடுகளவு துளை ஒன்று இருந்தது. சுற்றிலும் வெளிச்சம் எவ்வளவு என்று அளக்கும் கண் அது. விண்டோஸ் வந்தபின்தான் அது வேலை செய்யும்; வெளிச்சம் இருந்தால் விசை விளக்கை அணைக்கும். இருட்டென்று கண்டால் எரிய விட்டுத் திரையை மங்கலாக்கும். சந்தனம் அந்தக் கண்ணை மூடியிருந்தவரை கணினிக்குப் பகலும் இரவாகவே இருந்திருக்கிறது. அவள் துடைத்தாள், கண் விழித்தது, உருப்பெருக்கி விளக்கின் வெளிச்சம் நேராக அதில் விழுந்தது. குனிந்தபோது அவள் தலையின் நிழல்தான் விளக்கை எரிய வைத்திருக்கிறது.

உருப்பெருக்கி விளக்கை அணைத்தாள். விசைகள் தாமாகவே எரிந்தன. அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கெடலண்ணா. எதுவும் கெடல. திரை மங்கலா இருந்துச்சின்னீங்களே, அதுவும் பொட்டாலதான்."

"பொட்டு மேலயே பழியா?" என்றார் அவர், பாதிக் கோபமும் பாதி வியப்புமாக. "சரி, மேடை லைட்டு இது மேல அடிக்குமே. அப்ப அணைஞ்சா?"

நியாயமான கேள்வி. அவள் மென்பொருளைத் திறந்து, சுற்று வெளிச்சத்துக்கு ஏற்ப விசை விளக்கை மாற்றும் கட்டத்திலிருந்த குறியை நீக்கினாள். பின்னர் உருப்பெருக்கி விளக்கை மறுபடி போட்டு, அந்தத் துளைக்கு நேரே பிடித்தாள். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. நிறங்கள் அசையவில்லை.

கடை வாசலில் காலடி கேட்டது. தங்கராசு மூச்சிரைக்க உள்ளே வந்தார். "ஒடஞ்சிச்சா?"

ஜெனிபர் எழுந்து நின்றாள். தான் இரண்டு முறை திறந்ததையும், பொட்டைத் துடைத்ததையும், துளையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இடையில் எங்கும் நிற்காமல் சொல்லி முடித்தாள். தங்கராசு துளையின்மேல் கட்டைவிரலை வைத்து எடுத்தார், வைத்து எடுத்தார். விளக்குகள் கண் இமைக்கவில்லை.

"ஒரு பொட்டுக்கா நா ஆலப்பாக்கத்துலேர்ந்து வேர்த்துக்கினு வந்தேன்?" என்றார். பிறகு ஒப்புகைச் சீட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். "இனிமே வர்ற பொட்டிக்கெல்லாம் பொட்டு எங்க கீதுன்னு எழுதிக்க. சனிக்கெழமைலேர்ந்து இல்ல, இன்னிலேர்ந்தே."

தட்சிணாமூர்த்தி சட்டைப் பையிலிருந்து கோயில் குங்குமப் பொட்டலத்தைப் பிரித்தார். விரல் பழக்கதோஷத்தில் திரைக்கு மேலே போயிற்று.

"அண்ணா, அங்க வேணாம்!" என்று ஜெனிபர் பதறிக் கத்தினாள். மூடியைச் சாத்தி, அதன் முதுகை அவருக்குக் காட்டி, இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.